அக்கஞ்ஞ சுத்தத்தில் வரும் ‘தம்மம்’ எந்தத் தம்மம்?

பனையோலை
பாலி மொழிப் பௌத்தத் தொகுப்பான தீக நிகாயத்தில் 27ஆவது சுத்தமாக, அதாவது புத்தரின் உரையாக, வரும் அக்கஞ்ஞ சுத்தத்தை, நண்பர் ஒருவர் கைப்பிரதியாகத் தந்த தமிழாக்கத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறேன். தம்மம் வருகிற இடமெல்லாம் ‘அறம்’ என்று போட்டிருக்கிறார்கள். பாதி இடங்களில் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் திடீரென்று ‘கறுப்பும் வெள்ளையுமான அறங்கள் நான்கு வருணத்தாரிடமும் கலந்து கிடக்கின்றன’ என்று வருகிறது. கறுப்பு அறம் என்றால் என்ன? அப்புறம், ‘மக்களிடையே அறமே சிறந்தது, காணப்பட்ட அறத்திலும் இனி வருவதிலும்’ என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது. அறம் எப்படி அறத்தில் சிறந்ததாக இருக்கும்?

சம்ஸ்கிருத தர்மம் வேறு, பாலி தம்மம் வேறு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கே எப்படி வேறு என்று இடம் சுட்டிச் சொல்லத்தான் ஆளில்லை. தெரிந்தவர்கள் இந்தச் சுத்தத்தையே வைத்து விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

செங்கழுநீர்
இதில் குழப்பமே இல்லை தோழர். தர்மம் என்றால் பிறப்பால் வரும் கடமை. பார்ப்பனருக்கு ஒன்று, சூத்திரருக்கு ஒன்று. தம்மம் என்றால் எல்லாருக்கும் பொதுவான ஒழுக்கம். அம்பேத்கர் தன் கடைசி நூலுக்குப் ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்று சும்மா பெயர் வைக்கவில்லை. ‘தர்’ என்று எழுதினால் வைதிகம், ‘தம்’ என்று எழுதினால் பௌத்தம். அவ்வளவுதான்.

ராஜாமணி_55
எங்கள் ஊரில் தர்மம் என்றாலே பிச்சை போடுவதுதான். எங்கள் தாத்தா காலத்திலிருந்து ஆடி மாதம் அன்னதானம் நடக்கிறது, அதற்கு எழுதிவைத்த நிலத்துக்கு ‘தர்மக்காணி’ என்றுதான் பேர். பௌத்தத்திலும் தானத்துக்குத்தான் முதலிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே?

பனையோலை
ராஜாமணி ஐயா, நான் கேட்டது அதுவல்ல. ஆனாலும் நம் ஊரில் அந்தப் பொருள் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது உண்மைதான். மணிமேகலையே ‘அறமெனப் படுவது யாதெனக் கேட்பின்’ என்று தொடங்கி உண்டியும் உடையும் உறையுளும் என்றுதான் முடிக்கிறது.

கீழைக்கடல்
பனையோலை, தமிழாக்கியவர் மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். அந்தச் சுத்தம் ஒரே சொல்லை நாலைந்து விதமாக உருட்டி விளையாடுகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த இருவருக்கும் அந்த விளையாட்டு புரிந்திருக்கும், அதுதான் முக்கியம்.

அவர்கள் யார் என்று பாருங்கள். வாசெட்டர், பாரத்வாஜர். இரண்டு பேரும் பிராமணக் குலத்தவர். பிக்குவாகும் எண்ணத்தோடு சாவத்தியில், மிகாரமாதாவின் மாளிகையில், பிக்குகளோடு தங்கியிருக்கிறார்கள். மாலையில் புத்தர் வெளியே உலாவிக்கொண்டிருக்கும்போது கூடவே நடக்கிறார்கள். ‘உங்கள் சாதிக்காரர்கள் உங்களைத் திட்டவில்லையா?’ என்று அவர் கேட்கிறார். ‘நன்றாகத் திட்டுகிறார்கள். பிரம்மாவின் வாயிலிருந்து பிறந்த உயர்ந்த வருணத்தை விட்டுவிட்டு, மொட்டைத் தலைகளோடு போய்ச் சேர்ந்துவிட்டீர்களே என்கிறார்கள்’ என்று அவர்கள் சொல்கிறார்கள்.

வாயிலிருந்து பிறப்பு என்பது ரிக்வேதத்தின் புருஷ சூக்தத்தில் இருப்பது. அந்தச் சூக்தத்தின் கடைசிச் செய்யுளில் ‘தானி தர்மாணி பிரதமான்யாஸன்’ என்று வரும்: தேவர்கள் செய்த அந்த வேள்வி முறைகளே முதல் தர்மங்கள். அங்கே தர்மம் என்பது உலகைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே வருணமும் பிறந்துவிடுகிறது. பிற்பாடு மனு 10ஆம் அத்தியாயத்தில் கறாராகச் சொல்லிவிடுவார்: தன் தர்மம் குறையுள்ளதாக இருந்தாலும் அதுவே மேல், பிறர் தர்மத்தால் பிழைக்கிறவன் உடனே சாதியிலிருந்து விழுகிறான். அதாவது தர்மத்துக்கு ஒரு சொந்தக்காரன் உண்டு. அவன் யார் என்பதைப் பிறப்பு தீர்மானிக்கும்.

இப்போது புத்தர் பதிலைப் பாருங்கள். முதல் அடி நக்கல்: பிராமணப் பெண்கள் கருவுறுவதையும் பெறுவதையும் பாலூட்டுவதையும் எல்லாரும்தான் பார்க்கிறோம், அப்புறம் என்ன வாயிலிருந்து பிறப்பு? அடுத்து, சத்திரியரிலும் கொல்கிறவன் உண்டு, திருடுகிறவன் உண்டு. பிராமணரிலும் உண்டு, வைசியரிலும் உண்டு, சூத்திரரிலும் உண்டு. கொல்லாதவன், திருடாதவன் என்பதும் அப்படியே. உங்கள் ‘கறுப்பு அறங்கள்’ இங்கேதான் வருகின்றன. பாலியில் ‘கண்ஹ-சுக்க தம்மா’, கறுத்த தம்மங்களும் வெளுத்த தம்மங்களும். தம்மா என்று பன்மையில் வரும்போது, மனத்திலும் நடத்தையிலும் எழுகிற குணங்கள், நிலைகள் என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். நல்லதும் தம்மம், கெட்டதும் தம்மம். ‘அகுசல தம்மா’ என்று பிடகம் முழுக்க வரும். ‘தீய தர்மம்’ என்று மனு வாசிக்கிறவரிடம் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்.

அந்த வரி: ‘தம்மோ ஹி, வாசெட்ட, செட்டோ ஜனேதஸ்மிங், திட்டே சேவ தம்மே அபிசம்பராயஞ்ச.’ முதல் தம்மம் ஒருமை, அளவுகோல் மாதிரி நிற்கிற அறம். ‘திட்டே தம்மே’ என்பது ஒரு நிலைத்தொடர். ‘கண்ணுக்குத் தெரிகிற இந்த நிலையில்’, அதாவது இந்தப் பிறவியில். ஆகவே, மக்களிடையே தம்மமே மேல், இப்பிறவியிலும் மறுமையிலும். கறுப்பும் வெள்ளையும் நாலு வருணத்திலும் சிதறிக் கிடக்கும்போது, உயர்வை அளக்க வருணம் உதவாது, தம்மம்தான் உதவும் என்பது வாதம்.

செங்கழுநீர்
அப்படியானால் நான் சொன்னது சரிதானே கீழைக்கடல் ஐயா? வருணக் கடமை எதிர் பொது ஒழுக்கம்.

கீழைக்கடல்
பாதி சரி. மீதிப் பாதியை அதே சுத்தம் கலைத்துவிடுகிறது. பின்பகுதியில் மக்கள் நெல்வயல்களைப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள், ஒருவன் அடுத்தவன் பங்கைத் திருடுகிறான், தண்டிக்க ஆள் தேவைப்படுகிறது. அழகும் செல்வாக்கும் உள்ள ஒருவனிடம் போய், ‘தண்டிக்க வேண்டியவனைத் தண்டி, எங்கள் நெல்லில் ஒரு பங்கு தருகிறோம்’ என்கிறார்கள். பலர் சேர்ந்து தேர்ந்ததால் மகாசம்மதன், வயல்களுக்கு அதிபதி என்பதால் கத்தியன், அதாவது சத்திரியன். மூன்றாவது பெயர்தான் விஷயம்: ‘தம்மேன பரே ரஞ்ஜேதி’, தம்மத்தால் பிறரை மகிழ்விப்பதால் ராஜா.

இந்தத் தம்மம் நீதி, முறை. மனு நீதியில் ராஜதர்மம் என்று சொல்வதற்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது. வருணப் பெயர்கள் உண்டான கதையைச் சொல்லும்போதும், ‘தம்மேனேவ, நோ அதம்மேன’ என்கிறார்: முறைப்படியே உண்டாயின, முறைகேடாக அல்ல. ஆக, புத்தர் பழைய பொருளைத் தூக்கி எறியவில்லை. அரசனும் தண்டமும் வருகிற இடத்தில் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார், பிறப்பை மட்டும் அதிலிருந்து கழற்றிவிடுகிறார். இந்த இடத்தில் ‘அறம்’ என்று போட்ட உங்கள் தமிழாக்கம் பொருத்தமானது.

உமா_திருமலை
எழுத்தை வைத்துப் பிரிக்கிறது சரிவராது எண்டுதான் நானும் நினைக்கிறன். நான் திருகோணமலை. எங்கட சிங்கள அயலவர்கள் புத்தரின்ர போதனையைச் சொல்லேக்க ‘தர்மய’ எண்டுதான் சொல்லுவினம். விகாரையில நடக்கிற பிரசங்கத்துக்கு ‘தர்ம தேசனாவ’ எண்டு நோட்டீஸ் ஒட்டுவினம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையள் போற பள்ளிக்கூடம் ‘தஹம் பாசல’. சரணம் சொல்லேக்க மட்டும் ‘தம்மங் சரணங் கச்சாமி’. ஒரே வீட்டில மூண்டு உருவமும் இருக்கு, மூண்டும் புத்தரின்ரதுதான். தேரவாத நாட்டிலேயே இப்பிடியெண்டால், ‘தர்’ வந்தால் வைதிகம் எண்டு எப்பிடிச் சொல்றது?

தேரகாதை
உமா அக்கா சொன்னதுதான் சரியான இடம். வசுபந்து சம்ஸ்கிருதத்தில் எழுதிய அபிதர்மகோசத்தில் ‘தர்மம்’ என்பது பாலியின் ‘தம்மா’ பன்மை செய்கிற வேலையைத்தான் செய்கிறது. உலகத்தில் உள்ளதையெல்லாம் 75 தர்மங்களாகப் பிரிக்கிற மரபு அது. கோபமும் அங்கே ஒரு தர்மம், ஆகாயமும் ஒரு தர்மம். எழுத்து சம்ஸ்கிருதம், பொருள் பௌத்தம். கோடு இரண்டு மொழிகளுக்கு நடுவில் ஓடவில்லை, இரண்டு மரபுகளுக்கு நடுவில் ஓடுகிறது.

அப்புறம், வைதிகத் தரப்பிலும் தர்மம் எப்போதும் கடமை இல்லை. தர்க்கம் படித்தவர்களைக் கேளுங்கள். ஒரு பொருளில் இருக்கும் பண்பு தர்மம், பண்பை உடையது தர்மி. நம் மணிமேகலையின் 29ஆம் காதையில், அறவண அடிகள் தருக்கம் சொல்லும் இடத்தில், ‘பக்க தன்ம வசனம்’, ‘சாதன தன்ம விகலம்’ என்று வருகிறதே, அந்தத் ‘தன்மம்’ இதுதான். அங்கே போய் அறம் என்று பொருள் சொன்னால் வரி செத்துப்போகும்.

கீதைநேசன்
எல்லாரும் பன்மை பன்மை என்கிறீர்களே, கீதையிலும் பன்மை இருக்கிறது. 18ஆம் அத்தியாயம் 66: ‘ஸர்வதர்மான் பரித்யஜ்ய.’ புத்தர் ‘சப்பே தம்மா அனத்தா’ என்றார். கண்ணன் எல்லாத் தர்மங்களையும் விடு என்றான். இரண்டும் ஒரே உபதேசம்தான். பிரிவினை எல்லாம் நாம் செய்தது.

கீழைக்கடல்
சத்தம் ஒன்று போல இருக்கிறது, சரக்கு வேறு. கீதையில் விடச் சொல்வது செய்ய வேண்டியவற்றை. சங்கரர் உரையில் இங்கே தர்மம் என்றதில் அதர்மத்தையும் சேர்த்துக்கொள் என்கிறார். செயலே அற்ற நிலை அவருக்கு வேண்டும், அதனால். கவனித்தால், கட்டளைக்குள் அடங்கிய கடமைகளும் அவற்றின் மீறலும்தான் அங்கே பேச்சு. ‘சப்பே தம்மா அனத்தா’வில் எதையும் விடு என்று ஏவல் இல்லை. எல்லாத் தம்மங்களும் ‘நான்’ அற்றவை என்று இருப்பதைச் சொல்கிறது.

தம்மபதம் 277 முதல் 279 வரை சேர்த்து வாசித்துப் பாருங்கள். சப்பே சங்காரா அனிச்சா, சப்பே சங்காரா துக்கா, சப்பே தம்மா அனத்தா. இரண்டு தடவை சங்காரா, மூன்றாவதில் மட்டும் தம்மா. ஏன் மாற்றினார்கள்? சங்காரம் என்பது காரணங்களால் ஆக்கப்பட்டது. ஆக்கப்பட்டது எல்லாம் நிலையாது, துன்பம் தரும். விடுதலை நிலையான நிப்பானம் ஆக்கப்படாதது, அதை நிலையாதது என்றோ துன்பம் என்றோ சொல்ல முடியாது. ஆனால் அதுவும் ‘நான்’ இல்லை. அதையும் வலைக்குள் கொண்டுவர, சங்காரத்தைவிட அகலமான சொல் வேண்டியிருந்தது, அது தம்மம். இதிவுத்தகத்தில் ‘ஆக்கப்பட்ட தம்மங்களும் ஆக்கப்படாத தம்மங்களும் எவ்வளவு உண்டோ, அவற்றில் விராகமே தலையாயது’ என்று வருவது இதற்கு நல்ல ஆதாரம். நிப்பானத்தையும் கோபத்தையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கிற அளவுக்கு விரிந்த ஒரு பொருள், கீதையின் தர்மத்துக்கு இல்லை.

தேரகாதை
விளக்கம் அருமை, ஆனால் ஒரு முள் இருக்கிறது. தம்மபதத்தின் பழைய பாலி உரையான அட்டகதை, 279க்கு உரை சொல்லும்போது, இங்கே தம்மா என்றது உடலும் மனமுமாகிய ஐந்து கந்தங்களை மட்டுமே என்கிறது. அப்படியானால் நிப்பானம் அந்த வலைக்குள் வரவில்லை. நீங்கள் சொல்வது பரவலாக ஏற்றுக்கொண்ட விளக்கம்தான், ஆனால் அந்த உரைகாரருக்கு அது தோன்றவில்லை, அல்லது தோன்றியும் ஒதுக்கிவிட்டார்.

கீழைக்கடல்
உண்மை. அந்தச் செய்யுள்களுக்கு அட்டகதை சொல்லும் கதையில் விபசனை செய்யும் பிக்குகள் வருகிறார்கள். பயிற்சியில் பார்க்கக் கிடைப்பது கந்தங்கள்தான், அதனால் உரை அங்கே குறுகியிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

சுவடு
பயிற்சி என்றதும் என் சந்தேகம் ஒன்று. பத்து நாள் விபசனை முகாமுக்குப் போயிருக்கிறேன். விழிப்போடு கவனிக்கும் பயிற்சியான சதிபட்டானத்தில் உடல், உணர்ச்சி, மனம், தம்மம் என்று நாலு சொன்னார்கள். முதல் மூன்றும் புரிந்தது. நாலாவதில் தம்மத்தைக் கவனி என்றால், போதனையை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, ‘எல்லாம் மாறும், எல்லாம் மாறும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தூக்கம்தான் வந்தது.

கீழைக்கடல்
அந்தத் தூக்கத்தைத்தான் தம்மம் என்று கவனிக்கச் சொல்கிறது சுத்தம்! மஜ்ஜிம நிகாயம் 10இல் அந்தப் பகுதி ஐந்து தடைகளில் தொடங்குகிறது. ஆசை, வெறுப்பு, சோம்பலும் தூக்கக் கலக்கமும், பரபரப்பும் கவலையும், சந்தேகம். தூக்கக் கலக்கம் இருக்கும்போது ‘இருக்கிறது’ என்று அறிய வேண்டும். இல்லாதபோது ‘இல்லை’ என்று அறிய வேண்டும். எப்படி எழுந்தது, எப்படி விலகியது, இனி எழாமல் இருப்பது எப்படி என்றும் பார்க்க வேண்டும். ஓதச் சொல்லவில்லை.

ஆனாலும் நீங்கள் எடுத்துக்கொண்டது முழுக்க அந்நியமும் இல்லை. அதே பட்டியலின் கடைசியில் நான்கு உண்மைகள் வருகின்றன. அவை போதனையின் தலைப்புகளும்தான். அங்கே தம்மா என்றது நிகழும் நிலைகளா, போதனை வகுத்த வகைகளா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பனையோலை
அப்போ வாசிக்கும்போது எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாலி தெரிந்தவர்களுக்கு ஏதாவது கைப்பக்குவம் இருக்குமே.

கீழைக்கடல்
முதலில் பக்கத்தில் நிற்கும் வினையைப் பார்ப்பேன். ‘தேசேதி’, ‘சுணாதி’ என்று சொல்வதும் கேட்பதும் வந்தால் போதனை. குசலம், அகுசலம் என்று அடையோடு பன்மையில் வந்தால் மனநிலைகள். வேற்றுமை மூன்றாவதாகி ‘தம்மேன’ என்று வந்தால் பெரும்பாலும் முறைப்படி, நியாயப்படி. இதில் ஏமாற்றுவது தொகைச்சொல்லின் கடைசியில் வரும் தம்மம்தான். புத்தரின் இறுதி வாக்கு ‘வயதம்மா சங்காரா’. இதைப் ‘போதனைகள் அழியும்’ என்றோ ‘அழிவே அறம்’ என்றோ எடுத்தால் போச்சு. அழியும் இயல்புடையவை என்பதுதான். புத்தரின் முதல் சீடர் கொண்டஞ்ஞருக்கு ஞானம் பிறக்கும் இடத்தில் இரண்டும் அடுத்தடுத்து வரும். அவருக்குத் ‘தம்மசக்கு’, தம்மக் கண் திறந்தது. எதைக் கண்டார் என்றால், எதெல்லாம் ‘சமுதயதம்மமோ’ அதெல்லாம் ‘நிரோததம்மம்’. தோன்றும் இயல்புடையது எல்லாம் மறையும் இயல்புடையது. முதலில் வருவது உண்மை, பின்னால் வருபவை இயல்பு.

தேரகாதை
இந்தக் கைப்பக்குவம் கைகொடுக்காத ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மஜ்ஜிமம் 22, தெப்ப உவமை. கரை சேர்ந்தபின் தெப்பத்தைத் தலையில் சுமக்காதே என்ற கதை தெரிந்ததுதான். முடிவில், ‘தம்மாபி வோ பகாதப்பா, பகேவ அதம்மா’: தம்மங்களையே விட வேண்டும், அதம்மங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா. இந்தத் தம்மா எது? அட்டகதை, மன அமைதியும் உள்நோக்குமான சமத விபசனை என்கிறது, அதாவது தியானத்தில் கிடைக்கும் நல்ல நிலைகளின் மேல் உள்ள பற்றை விடு. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. பன்மை, எதிரில் அதம்மா.

கீழைக்கடல்
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுத்தத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். அரிட்டன் என்ற பிக்கு போதனையைத் தப்பாகப் பிடித்துக்கொண்டதில்தான் வழக்கே ஆரம்பிக்கிறது. அடுத்து வருவது, பாம்பை வாலில் பிடிப்பவன் உவமை: சுத்தம், கேய்யம் என்று போதனை வகைகளெல்லாம் படித்துவிட்டு வாதத்தில் ஜெயிக்க மட்டும் பயன்படுத்துகிறவர்களைப் பற்றியது. அதற்குப் பின்னால் வரும் தெப்பமும் போதனையாகத்தான் இருக்க வேண்டும். ‘தெப்பம் போன்ற தம்மத்தைச் சொல்கிறேன்’ என்று ஒருமையில்தான் உவமையைத் தொடங்குகிறார்.

தேரகாதை
தொடங்கியது ஒருமையில், முடித்தது பன்மையில். நடுவில் மாற்றியது சும்மாவா? அந்த மாற்றத்துக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. இதே வாக்கியம் மகாயான நூலான வஜ்ரச்சேதிகாவில் சம்ஸ்கிருதத்தில் ‘தர்மா ஏவ பிரஹாதவ்யா’ என்று அப்படியே போயிருக்கிறது. அங்கேயும் முதலில் தர்மபர்யாயம் ஒருமை, பிறகு தர்மா பன்மை. அந்த மாற்றத்தைச் சம்ஸ்கிருதம் எழுதியவர்களும் விடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கீழைக்கடல்
சரி, பன்மைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, பாம்புக்கு உங்களிடம் இல்லை. இப்படியே நிற்கட்டும்.

பனையோலை
நான் உட்கார்ந்து திருத்திப் பார்த்தேன். ‘கறுத்ததும் வெளுத்ததுமான குணங்கள் நான்கு வருணத்தாரிடமும் கலந்து கிடக்கின்றன.’ ‘மக்களிடையே தம்மமே மேல், இப்பிறவியிலும் இனி வருவதிலும்.’ ராஜா வரும் இடத்தில் ‘அறத்தால் மகிழ்விப்பவன்’ என்று பழையபடியே விட்டுவிட்டேன். இடறுவது நடுவில் ஓர் இடம். பிரம்மாவின் வாயில் பிறந்தவன் என்று பிராமணன் சொல்வது போலவே, ததாகதரின், அதாவது புத்தரின், சீடன் ‘அவர் மகன், வாயிலிருந்து பிறந்தவன், தம்மத்தில் பிறந்தவன்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறார். ஏன் என்றால் ததாகதருக்குத் ‘தம்மகாயர்’ என்று ஒரு பெயர். இதை அறவுடல் என்று போட்டால் சிரிப்பாக இருக்கிறது.

செங்கழுநீர்
அந்த வாயிலிருந்து பிறந்தவன் வரி அபாரம். அவர்கள் ஆயுதத்தையே பிடுங்கித் திருப்பிப் போடுகிறார். தம்மகாயர் என்றே விட்டுவிடுங்கள் தோழர்.

தேரகாதை
விட்டுவிடலாம். இதற்கு அட்டகதை சொல்லும் காரணம் நேரடியானது: புத்தவசனத்தை நெஞ்சில் எண்ணி வாயால் வெளிப்படுத்தியவர் ததாகதர், அதனால் அவர் உடல் தம்மமயமானது. ஆக இங்கே தம்மம் போதனை. வாயிலிருந்து வந்தது போதனைதான் என்பதால் செங்கழுநீர் சொன்ன கிண்டலும் அதற்குள்ளேயே இருக்கிறது. தர்மகாயர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மகாயானத்தில் புத்தருக்குச் சொல்லும் மூன்று உடல்களில் ஒன்றுக்கு அதுதான் பெயர், வாசிக்கிறவர் நேரே அங்கே போய்விடுவார். அடிக்குறிப்பில் ஒரு வரி, ‘போதனையே உடலானவர்’ என்று போடுங்கள், போதும்.